பர்னரில் காற்று–எரிபொருள் விகிதக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்லர் இயக்குபவர்களும் கருவியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. இயற்கை எரிவாயு எரிக்கும், ஃபேன் வைத்துக் காற்று தள்ளும் ஒரு நீராவி பாய்லர் பர்னரை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன். எண்ணெய் பர்னருக்கு எண்கள் மாறும், தர்க்கம் பெரும்பாலும் இதேதான்.

ஒரு கன மீட்டர் கேஸ் எரிய எவ்வளவு காற்று வேண்டும்?

இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுமையாக எரிய இரண்டு பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம்தான் என்பதால், அந்த இரண்டு பங்கைப் பெற 9.5 பங்கு காற்று தேவைப்படுகிறது. அதாவது ஒரு கன மீட்டர் கேஸுக்கு 9.5 கன மீட்டர் காற்று. இரண்டும் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் அளந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ அந்த 9.5-ஐ சரியா அளந்து கொடுத்தா போதாதா? எதுக்கு கூடுதல் காற்று?

காகிதத்தில் போதும், உலைக்குள் போதாது. கேஸின் ஒவ்வொரு துளியும், சூடு இருக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் தனக்கான ஆக்சிஜனைச் சந்தித்தாக வேண்டும். எந்த பர்னரும் அவ்வளவு துல்லியமாகக் கலக்காது. ஒரு மூலையில் காற்று மிஞ்சும், இன்னொரு மூலையில் பற்றாமல் போகும். பற்றாத இடத்தில் கார்பன் பாதிதான் எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும்.

இதில் போகும் வெப்பம் சின்னது அல்ல. கார்பன் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடானால் கிடைக்கும் வெப்பத்தில், மோனாக்சைடோடு நின்றால் கிடைப்பது 28 சதவீதம் மட்டுமே. மீதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். அதோடு அது நச்சு வாயு. எனவே 9.5-க்கு மேல் கொஞ்சம் உபரிக் காற்று தருகிறோம். 15 சதவீத உபரி என்றால் ஒரு கன மீட்டர் கேஸுக்கு ஏறத்தாழ 11 கன மீட்டர் காற்று.

அப்படின்னா தாராளமாவே காற்று விட்டுட்டா என்ன? பாதுகாப்பும் ஆச்சு, தொல்லையும் இல்லையே?

பலர் அப்படித்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். உபரிக் காற்று எரிதலில் எந்த வேலையும் செய்வதில்லை. அறை வெப்பநிலையில் உள்ளே வருகிறது, புகைபோக்கி வெப்பநிலையில் வெளியே போகிறது. அந்த இடைவெளிக்கான சூட்டை உங்கள் எரிபொருள்தான் கொடுக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புகைபோக்கியில் வாயு 220 டிகிரி செல்சியஸ், உள்ளே வரும் காற்று 30 டிகிரி, வித்தியாசம் 190. புகைபோக்கி இழப்பை மதிப்பிட ஸீகெர்ட் சூத்திரம் என்று ஒன்று உண்டு. இயற்கை எரிவாயுவுக்கு அது இப்படி வரும், இதில் O2 என்பது புகை வாயுவில் மிஞ்சும் ஆக்சிஜனின் சதவீதம்:

```
loss % = (T_flue - T_air) * (0.66 / (21 - O2) + 0.009)

O2 = 8 :  190 * (0.66/13 + 0.009) = 11.4
O2 = 3 :  190 * (0.66/18 + 0.009) =  8.7
```

ஆக்சிஜனை 8-லிருந்து 3-க்குக் கொண்டுவந்தால் இழப்பு 2.7 புள்ளி குறைகிறது. அதே நீராவிக்கு எரியும் கேஸில் கிட்டத்தட்ட 3 சதவீதம் மிச்சம். உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மிச்சமாகும், ஏனென்றால் வாயுவின் அளவு குறையும்போது குழாய்களைக் கடக்க அதற்கு அதிக நேரம் கிடைக்கிறது, புகைபோக்கி வெப்பநிலையும் சில டிகிரி இறங்கும். இரவும் பகலும் ஓடும் பாய்லரில் இது பெரிய தொகை.

ஆக்சிஜன் மீட்டர் 3 காட்டினா உபரிக் காற்று 3 சதவீதமா?

இல்லை, இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. மீட்டர் காட்டுவது புகை வாயுவில் எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜனின் பங்கு. உபரிக் காற்று என்பது தேவைக்கு மேல் எவ்வளவு காற்று வந்தது என்பது. இயற்கை எரிவாயுவுக்கு ஒரு எளிய கணக்கு: மீட்டர் எண்ணை 20.9-லிருந்து கழியுங்கள், வரும் விடையால் மீட்டர் எண்ணை வகுங்கள், 90-ஆல் பெருக்குங்கள். 3 என்றால் உபரி 15 சதவீதம். 8 என்றால் 56 சதவீதம்.

மேலே போகப் போக உபரி வேகமாக ஏறுவதைக் கவனியுங்கள். 3-லிருந்து 4 ஆவதும் 8-லிருந்து 9 ஆவதும் ஒரே அளவு மாற்றம் அல்ல.

சுடர் நீலமா இருந்தா சரின்னு பழைய ஆட்கள் சொல்றாங்களே?

சுடர் பர்னரோடு ஒட்டி நிற்கிறதா, சுவரில் படுகிறதா, துடிக்கிறதா என்பதைக் கண் நன்றாகச் சொல்லும். விகிதத்தைச் சொல்லாது. ஆக்சிஜன் 3-லும் சுடர் நீலம்தான், 7-லும் நீலம்தான். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அனலைசர் இல்லாமல் டேம்பரைத் தொடக் கூடாது.

எங்க பர்னருக்கு ஆக்சிஜன் எவ்வளவு வைக்கணும்? ஒரே நம்பரா சொல்லுங்களேன்.

ஒரே நம்பர் கிடையாது. நல்ல கேஸ் பர்னர் முழு லோடில் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும். ஆனால் உங்கள் பர்னரின் எண்ணை அதனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் முறை இது. லோடை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். காற்றைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் பொறுத்து, ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பர்னர் இப்படிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் 5-ல் மோனாக்சைடு 10 பிபிஎம், 4-ல் 12, 3-ல் 15, 2-ல் 40. இதுவரை அமைதி. 1.5-ல் 180, 1.2-ல் 600. அதாவது 2-க்கும் 1.5-க்கும் நடுவில் எங்கோ கோடு மடங்கி மேலே எழுகிறது. அந்த மடிப்பைக் கண்டதும் மேற்கொண்டு குறைக்காமல் திரும்பிவிட வேண்டும். மடிப்பிலேயே செட்பாயிண்டை வைப்பது ஆபத்து. காற்று சூடாவது, டேம்பரின் தளர்வு, கேஸ் தரம் எல்லாம் அதை நகர்த்தும். இந்த பர்னருக்கு நான் 2.5-லிருந்து 3 வரை வைப்பேன்.

இதே சோதனையைக் குறைந்த லோடு, பாதி லோடு, முழு லோடு என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். லோடு குறைந்தால் காற்றின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கலக்கும் திறன் குறையும். அதனால் முழு லோடில் 3 போதுமான பர்னர், குறைந்த லோடில் 5 அல்லது 6 கேட்பது சாதாரணம். அது கோளாறு அல்ல. செட்பாயிண்ட் ஒற்றை எண்ணாக இல்லாமல், லோடைப் பொறுத்து வளையும் கோடாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எங்ககிட்ட ஒரே தண்டுல காற்று டேம்பரும் கேஸ் வால்வும் கட்டியிருக்கு. இதுவும் விகிதக் கட்டுப்பாடுதானா?

ஆமாம், மிகப் பழைய வகை. ஒரு மோட்டார் தண்டைத் திருப்பும், லிங்கேஜ் கம்பிகள் இரண்டையும் சேர்த்து நகர்த்தும். இடையில் இருக்கும் கேம் தகட்டின் வளைவுதான் எந்த நிலையில் எந்த விகிதம் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுத்த வகையில் கம்பிகள் இல்லை. டேம்பருக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று என்று தனித்தனி சர்வோ மோட்டார், நடுவில் ஒரு கன்ட்ரோலர். இரண்டுக்கும் பொதுவான குறை, அவை நிலையை மட்டுமே அறியும் என்பது. டேம்பர் 40 டிகிரி திறந்திருக்கிறது என்று தெரியும், அதன் வழியே எவ்வளவு காற்று போகிறது என்று தெரியாது. காற்றோட்டத்தையும் கேஸ் ஓட்டத்தையும் நேரடியாக அளந்து கட்டுப்படுத்துவது மூன்றாவது வகை. பெரிய பாய்லர்களில் அதுதான்.

தண்டு வகை வைத்திருப்பவர்கள் ஒரு சோதனையை அவசியம் செய்ய வேண்டும். கீழிருந்து ஏறி 50 சதவீதத்தில் நிறுத்தி ஆக்சிஜனைப் பாருங்கள். அப்புறம் முழு லோடு வரை போய், மேலிருந்து இறங்கி அதே 50-ல் நிறுத்திப் பாருங்கள். ஏறும்போது 3.2, இறங்கும்போது 4.6 என்று வந்தால் இணைப்புகள் தேய்ந்து தளர்ந்திருக்கின்றன. அந்தத் தளர்வை வைத்துக்கொண்டு கேமை எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்தாலும் பயனில்லை. முதலில் மூட்டுகளை மாற்றுங்கள்.

விடியற்காலையில டியூன் பண்ணினோம், ஆக்சிஜன் 3 நின்னுச்சு. மதியம் பார்த்தா 1-க்கு இறங்கிடுச்சு. யாரும் கை வைக்கல. எப்படி?

காற்றின் அடர்த்தி மாறியதுதான். ஃபேன் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு என்று தள்ளுகிறது, இவ்வளவு எடை என்று அல்ல. சூடான காற்றில் அதே கன அளவுக்குள் ஆக்சிஜன் குறைவு. அடர்த்தியைக் கணக்கிட வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியற்காலை 15 டிகிரி என்றால் 288. மதியம் ஃபேன் வாயில் 40 டிகிரி என்றால் 313. 288-ஐ 313-ஆல் வகுத்தால் 0.92, அதாவது 8 சதவீதக் காற்று காணாமல் போயிருக்கிறது. கேஸ் அழுத்தம் சீராக வைக்கப்பட்டிருப்பதால் கேஸ் அந்த அளவுக்குக் குறையவில்லை. விடியற்காலை 1.15 மடங்கு இருந்த காற்று இப்போது 1.06 மடங்கு. மீட்டரில் அது ஏறத்தாழ 1.3 என்று தெரியும். மேலே சொன்ன பர்னராக இருந்தால் மோனாக்சைடு 600-ஐ நெருங்கியிருக்கும்.

எனவே நிலையை மட்டும் அறியும் பர்னரை, அது சந்திக்கும் மிகச் சூடான நேரத்தை மனதில் வைத்துத்தான் டியூன் செய்ய வேண்டும். குளிர்ந்த வேளையில் செய்தால் மதியத்துக்கான இடத்தை விட்டு வையுங்கள். அதற்கு விலையாக இரவில் கொஞ்சம் உபரி கூடும். ஃபேன் வாய் பாய்லரின் சூடான கூரையை ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே கொட்டகைக்குள் பல டிகிரி வித்தியாசம் வரும்.

நிலையான லோடுல எல்லாம் நல்லா இருக்கு. லோடு ஏறும்போது மட்டும் மோனாக்சைடு குபீர்னு எகிறுது. ஏன்?

கேஸ் வால்வு வேகமானது, காற்று மந்தமானது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நிதானமாகப் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். லோடு 40-லிருந்து 70-க்கு ஏறுகிறது. கேஸ் வால்வு 2 நொடியில் 70-க்குப் போய்விடும். டேம்பரும் ஃபேனும் சேர்ந்து காற்றை 70-க்குக் கொண்டுவர 10 நொடி ஆகும். 2-ஆவது நொடியில் காற்று 46-ல்தான் இருக்கிறது. அதில் 15 சதவீத உபரி அடங்கியிருப்பதால், அது 53 அளவு கேஸை எரிக்கப் போதும். வந்திருப்பதோ 70. கால் பங்கு கேஸ் எரிய வழியில்லாமல் உலைக்குள் நிற்கிறது. சில நொடிகள்தான், ஆனால் லோடு ஏறும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கும்.

இதற்குத் தீர்வு கிராஸ் லிமிட்டிங். ஏறும்போது காற்று முந்த வேண்டும், இறங்கும்போது கேஸ் முந்த வேண்டும். இதை இரண்டு தேர்வுகளால் சாதிக்கிறார்கள்:

```
air_SP  = max(demand, fuel_PV)
fuel_SP = min(demand, air_PV)
```

SP என்பது செட்பாயிண்ட், PV என்பது அளந்த மதிப்பு. காற்றின் அளவீடு, "இவ்வளவு கேஸை உபரியோடு எரிக்கப் போதுமான காற்று" என்ற அளவுக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கும். அதனால் காற்று 70, கேஸ் 70 என்றால் விகிதம் சரி என்று பொருள்.

இப்போது அதே ஏற்றத்தைப் பாருங்கள். தேவை 70 ஆனதும் காற்றின் செட்பாயிண்ட் உடனே 70. கேஸின் செட்பாயிண்ட், 70-க்கும் அளந்த காற்றான 40-க்கும் இடையில் சிறியது. எனவே 40-லேயே நிற்கிறது. காற்று 46 ஆனால் கேஸும் 46 வரை போகலாம், 60 ஆனால் 60. இறங்கும்போது கதை தலைகீழ். தேவை 40 ஆனதும் கேஸ் உடனே இறங்கத் தொடங்கும். காற்றோ, 40-க்கும் அளந்த கேஸுக்கும் இடையில் பெரியதைப் பின்பற்றுவதால் கேஸ் இறங்கிய பிறகே இறங்கும். இரண்டு திசையிலும் மாற்றத்தின் நடுவே மிஞ்சுவது காற்றுதான்.

இன்னொரு நன்மையும் கூடவே வருகிறது. ஃபேன் பெல்ட் நழுவி காற்று 50-க்கு விழுந்தால், யாரும் சொல்லாமலே கேஸ் 50-க்கு இறங்கிவிடும். கேஸ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால், தேவை குறைந்தாலும் காற்று இறங்காது.

கிராஸ் லிமிட்டிங் போட்ட பிறகு பாய்லர் ரொம்ப மந்தமாயிடுச்சு, பிரஷர் விழுது. எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். முன்பு வேகமாக இருந்ததன் காரணம், காற்று வராமலே கேஸை விட்டதுதான். மந்தத்தின் வேர் பெரும்பாலும் காற்றுப் பக்கம் இருக்கும்: மெதுவான டேம்பர் மோட்டார், தயங்கித் தயங்கி ஓடும் காற்று லூப். அதைச் சீர்செய்தால் கேஸ் தானாக வேகம் பிடிக்கும்.

இரண்டாவது காரணம் இரைச்சல். காற்று அளவீடு எப்போதும் சற்று நடுங்கும். நிலையான லோடில்கூட அது ஒரு கணம் 69-க்கு இறங்கினால் கேஸ் 69-க்கு இழுக்கப்படும். இப்படி ஒன்றை ஒன்று சீண்டிக்கொண்டே இருக்கும். இதற்காக இரண்டு தேர்வுகளிலும் சில சதவீத இடைவெளி விடுவது வழக்கம். அளந்த காற்றைவிட 2 அல்லது 3 சதவீதம் கூடுதலாக கேஸ் போகலாம் என்று அனுமதிப்பார்கள். ஏற்கெனவே 15 சதவீத உபரி இருப்பதால் அது தாங்கும். உபரியை நெருக்கி 8 சதவீதத்தில் ஓட்டுபவர்கள் இந்த இடைவெளியையும் நெருக்கியாக வேண்டும்.

லோடு ரொம்ப குறையும்போது மட்டும் விகிதம் தறிகெட்டுப் போகுது. டிரான்ஸ்மிட்டரை மாத்தியும் பார்த்தாச்சு.

ஆரிஃபிஸ் தகடு போன்ற, அழுத்த வித்தியாசத்தை வைத்து அளக்கும் கருவிகளின் இயல்பு இது. அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்தோடு மாறும். ஓட்டம் பாதியானால் வித்தியாசம் கால் பங்கு. ஓட்டம் 10 சதவீதமானால் வித்தியாசம் வெறும் 1 சதவீதம்.

காற்று டிரான்ஸ்மிட்டரின் பூஜ்ஜியம் முழு அளவில் அரை சதவீதம் மேலே நகர்ந்திருக்கிறது என்று வையுங்கள். முழு லோடில் யாருக்கும் தெரியாது. 10 சதவீத ஓட்டத்தில் அது காட்டும் 1 சதவீதத்தில் பாதி பொய். உண்மையான வித்தியாசம் 0.5, அதன் வர்க்கமூலப்படி உண்மையான காற்று 7.1. கன்ட்ரோலர் 10 இருக்கிறது என்று நம்பி 10-க்கான கேஸை விடும். 15 சதவீத உபரியைச் சேர்த்தாலும் காற்று தேவையில் 81 சதவீதம்தான். கிராஸ் லிமிட்டிங்கும் இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் அது நம்புவதும் அதே பொய்யைத்தான். இதே பிழை 20 சதவீத ஓட்டத்தில் 6 சதவீதப் பற்றாக்குறையாகச் சுருங்கிவிடும், உபரி அதைத் தாங்கும்.

ஆகவே ஃபேன் நின்றிருக்கும்போது பூஜ்ஜியத்தைச் சரிபாருங்கள், உணர்குழாய்களில் நீர் தேங்கியிருக்கிறதா பாருங்கள். ஒரு குறிப்பிட்ட லோடுக்குக் கீழே காற்று இறங்காதபடி குறைந்தபட்ச எல்லை வையுங்கள். குறைந்த லோடில் ஆக்சிஜன் செட்பாயிண்டை உயர்த்தி வைப்பதற்கு, கலப்பைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

ஆக்சிஜன் ட்ரிம் போட்டுட்டா இதெல்லாம் அதுவே பார்த்துக்காதா?

ட்ரிம் மெதுவாகத் திருத்தும் கை. புகைபோக்கியில் ஆக்சிஜனை அளந்து, விகிதத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். வாயு உலையைக் கடந்து சென்சாரை அடைய நேரம் பிடிக்கும், சென்சார் பதில் சொல்லவும் நேரம் பிடிக்கும். எனவே 10 நொடிக்குள் முடியும் லோடு மாற்றத்தில் அதனால் எதுவும் செய்ய முடியாது. மதியச் சூடு, கேஸ் தரம், தூசி படிந்த ஃபேன் போன்ற மெதுவான மாற்றங்களில் அது மிக நன்றாக வேலை செய்யும். வேகமான பதிலை எட்டிப்பிடிக்கும்படி ட்ரிமை முறுக்கினால், ஆக்சிஜன் ஊஞ்சல் ஆடத் தொடங்கும்.

அதன் கைக்கு எல்லையும் வேண்டும். காற்றை 10 சதவீதத்துக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி பூட்டி வைப்பது நல்லது. ட்ரிம் எப்போதும் எல்லையைத் தொட்டுக்கொண்டே நின்றால், அடிப்படை விகிதம் எங்கோ கெட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. எல்லையை அகலப்படுத்துவது பதில் அல்ல. சென்சார் பழுதானால் ட்ரிம் நடுநிலைக்கோ சற்று அதிகக் காற்றுக்கோ போய் நிற்க வேண்டும். கடைசியாக இருந்த இடத்திலேயே உறைந்துவிடக் கூடாது.

ஆக்சிஜன் 5 இருக்கு, ஆனா மோனாக்சைடு 800. காற்று நிறைய இருக்கும்போது எப்படி எரியாம போகும்?

மீட்டர் காணும் ஆக்சிஜன் பர்னர் வழியாக வந்ததுதானா என்று முதலில் கேளுங்கள். உலை காற்றழுத்தத்துக்குக் கீழே ஓடினால், கதவு இடுக்கு, வெடித்த ரிஃப்ராக்டரி, தளர்ந்த ஃபிளேஞ்ச் வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அது சுடரைத் தொடாமலே சென்சாருக்குப் போய்விடும். மீட்டர் 5 காட்டும், சுடர் பட்டினி கிடக்கும். இங்கே ட்ரிம் இருந்தால் ஆபத்து இரட்டிப்பாகிறது. 5-ஐப் பார்த்து அது காற்றைக் குறைக்கும், மோனாக்சைடு இன்னும் ஏறும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கையில் பிடிக்கும் அனலைசரால் உலையிலிருந்து வாயு வெளியேறும் இடத்துக்கு அருகில் ஒரு அளவும், சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு அளவும் எடுங்கள். முதலில் 1.5, இரண்டாவதில் 5 என்றால் இடையில் கசிவு இருக்கிறது. இரண்டு இடத்திலும் 5 என்றால் கசிவு உலையிலேயே இருக்கலாம், அல்லது காற்று வந்தும் கலக்கவில்லை. அடைபட்ட கேஸ் துளை, எரிந்து போன டிஃப்யூஸர் தகடு, குளிர்ந்த சுவரில் மோதி அணையும் சுடர் ஆகியவற்றைப் பாருங்கள். பல பர்னர்கள் உள்ள உலையில் ஒன்று மட்டும் பட்டினியாகவும் மற்றவை தாராளமாகவும் இருந்தாலும் சராசரி 5 என்று அழகாகக் காட்டும்.

கையில பிடிக்கிற அனலைசர் 3.0, புகைபோக்கியில மாட்டியிருக்கிறது 2.5. எது பொய் சொல்லுது?

இரண்டும் உண்மை சொல்லலாம். கையில் பிடிப்பது வாயுவைக் குளிர்வித்து நீரைப் பிரித்துவிட்டு அளக்கிறது. புகைபோக்கியில் இருக்கும் சிர்கோனியா சென்சார், நீராவியும் கலந்த வாயுவை அப்படியே அளக்கிறது. மீத்தேன் எரிந்த வாயுவில் 15 சதவீத உபரியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீராவி. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 3.0 என்பது 2.5 ஆகும். செட்பாயிண்ட் எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்று பதிவேட்டில் குறித்து வையுங்கள். நீராவியால் விளக்க முடியாத வித்தியாசம் வந்தால், முதலில் சுத்தமான காற்றைக் கொடுத்து இரண்டும் 20.9 காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

கேஸ் கம்பெனி வேற கலவை அனுப்பினா விகிதம் கெடுமா?

கெடும். ஒரே துளை வழியே, ஒரே அழுத்தத்தில் எவ்வளவு வெப்பம் போகும் என்பதை வாபி எண் சொல்கிறது. வெப்ப மதிப்பை, காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். மீத்தேன், புரொப்பேன் போன்றவற்றுக்குத் தேவையான காற்று, அவை தரும் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும். எனவே வாபி எண் 5 சதவீதம் கூடினால் காற்றுத் தேவையும் 5 சதவீதம் கூடும். 15 சதவீத உபரி 10-க்கு அருகில் வந்துவிடும். மெதுவான மாற்றம் என்பதால் இதை ட்ரிம் சமாளிக்கும். ட்ரிம் இல்லாதவர்கள் சப்ளையரிடமிருந்து வாபி எண்ணின் எல்லைகளைக் கேட்டு வாங்கி, மேல் எல்லைக்கு ஏற்ப உபரியை வைக்க வேண்டும்.

காற்று பத்தாம சுடர் மஞ்சளாகி கரும்புகை வர ஆரம்பிச்சிடுச்சு. டேம்பரை முழுசா திறந்துடவா?

வேண்டாம். கைக்கு முதலில் தோன்றுவது அதுதான், ஆனால் செய்யக் கூடாததும் அதுதான். உலைக்குள்ளும் புகைப்பாதையிலும் எரியாத வாயு நிறைந்திருக்கிறது, பற்றவைக்கப் போதுமான சூடும் இருக்கிறது. குறைவது ஆக்சிஜன் ஒன்றே. திடீரென்று காற்றை விட்டால் அந்தக் கலவை ஒரே மூச்சில் வெடிக்கலாம்.

செய்ய வேண்டியது கேஸைக் குறைப்பது. காற்றை இருக்கும் இடத்திலேயே விட்டு, கேஸை நிதானமாக இறக்குங்கள். காற்று போதுமான நிலைக்குத் திரும்பியதும் சுடர் தெளியும், ஆக்சிஜன் ஏறும், மோனாக்சைடு இறங்கும். சுடர் நிலைகொள்ளாமல் துடித்தாலோ அணைந்தாலோ கேஸை முழுதாக நிறுத்துங்கள். பிறகு பர்னர் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காற்றால் உலையைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பதற்கு முன் ஃபேன், பெல்ட், டேம்பர் இணைப்பு, காற்று டிரான்ஸ்மிட்டரின் பூஜ்ஜியம் என்ற வரிசையில் பாருங்கள். கேஸ் அழுத்தச் சீராக்கி தவறி அழுத்தம் ஏறியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அந்த அளவையும் பார்த்துவிடுங்கள்.